மேலாளருக்கு மின்னஞ்சல்: ஆளை விட்டு வேலையை எழுதுங்கள்

மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நிறுவனங்களில் 20ஆம் தேதி நெருங்கினால் கணக்குப் பிரிவில் பரபரப்பு கூடிவிடும். ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு அதுதான் கடைசி நாள். சப்ளையர்கள் பதிவேற்றிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி, 14ஆம் தேதி தளத்தில் வந்துவிடும். அதை நம்மிடம் உள்ள கொள்முதல் பில்களோடு ஒப்பிட்டுத்தான் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள வேண்டும். பில் கையில் இல்லாமல் கழிக்கச் சட்டம் இடம் தராது.

செப்டம்பர் மாதத்து 50 பில்களை அக்டோபர் 15 காலைக்குள் தருவதாகக் கொள்முதல் பிரிவு நண்பர் ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 17ஆம் தேதி மதியம் வரை 38 பில்கள்தான் வந்திருக்கின்றன. இனி மேலாளருக்கு எழுதியாக வேண்டும். பதற்றத்தில் கை தானாக எழுதுவது இப்படி இருக்கும்: "எத்தனை முறை கேட்டாலும் வழக்கம்போல இழுத்தடிக்கிறார். இவருடைய அலட்சியத்தால் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம் வரப்போகிறது."

இதைப் படிக்கும் மேலாளருக்கு எழுதியவரின் கோபம் புரியும். எத்தனை பில் பாக்கி, எவ்வளவு பணம், தான் என்ன செய்ய வேண்டும் என்பது எதுவும் புரியாது. அதே செய்தியை இப்படி எழுதலாம்:

"பொருள்: செப்டம்பர் ஜிஎஸ்டி – 12 பில்கள் பாக்கி, நாளை மதியம் 12 மணிக்குள் உங்கள் முடிவு தேவை

வணக்கம் சார்,

செப்டம்பர் கொள்முதல் பில்கள் 50ம் அக்டோபர் 15 காலைக்குள் கணக்குப் பிரிவுக்கு வருவதாகப் பேசியிருந்தோம். இதுவரை 38 வந்துள்ளன. மீதி 12இன் பட்டியலை இணைத்துள்ளேன். 16ஆம் தேதி மின்னஞ்சலில் கேட்டேன். இன்று காலை நேரில் பேசினேன். அவை குடோனில் இருப்பதாகவும், சரக்குக் கணக்கெடுப்பு நடப்பதால் எடுத்துவர ஆள் இல்லை என்றும் தெரிவித்தார்.

இந்த 12 பில்களில் உள்ள வரி 1,86,000 ரூபாய். அவை வராவிட்டால் இந்த மாதம் அந்தத் தொகையைப் பணமாகக் கட்ட வேண்டியிருக்கும். பில்கள் வந்தபின் அடுத்த மாதம் கழித்துக்கொள்ளலாம்.

இரண்டு வழிகள் உள்ளன. நாளை காலை ஒருவரைக் குடோனுக்கு அனுப்பி பில்களை ஸ்கேன் செய்து வாங்கலாம். அல்லது 1,86,000 ரூபாயை ஏற்பாடு செய்து, 38 பில்களோடு 20ஆம் தேதி தாக்கல் செய்யலாம். எது என்று சொல்லுங்கள்."

இதில் நஷ்டம் என்ற சொல்லே இல்லை. உண்மையில் இங்கே பணம் போய்விடுவதில்லை, ஒரு மாதம் முடங்குகிறது. அதைப் பெரிய நஷ்டம் என்று எழுதியிருந்தால், விவரம் தெரிந்த மேலாளர் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார். தாக்கலே தள்ளிப்போனால் விளைவு வேறு: வரி உள்ள படிவத்துக்குப் பொதுவாக நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. எந்த விளைவு வருமோ அதை மட்டும், தொகையோடு எழுத வேண்டும்.

காரணத்தையும் கவனியுங்கள். நண்பர் சொன்ன காரணம் அவர் சொன்னதாகவே பதிவாகியிருக்கிறது. அது சரியா தவறா என்று எழுதியவர் தீர்ப்பு சொல்லவில்லை. காரணம் கேட்டும் தெரியாவிட்டால் "காரணம் இன்னும் தெரியவில்லை" என்று எழுதலாம். ஊகித்து எழுதினால் அதுவே குற்றச்சாட்டாகிவிடும். "எப்போதும்", "வழக்கம்போல", "பலமுறை" போன்ற சொற்கள் வரும் இடங்களில் தேதியை வையுங்கள். தேதி நினைவில் இல்லையென்றால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள்.

பழியைத் தவிர்ப்பதாக நினைத்து, யாரிடம் வேலை நிற்கிறது என்பதையே மறைத்துவிடுவதும் தவறு. "சில பில்கள் தாமதமாகின்றன" என்று மட்டும் எழுதினால் மேலாளர் யாரிடம் பேசுவார்? பொறுப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதும் ஒரு தகவல்தான்.

அனுப்பும் முன் நண்பரிடம் "நாளைக்குள் முடிவாக வேண்டும், அதனால் சாருக்கு எழுதுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அவரையும் சிசியில் சேருங்கள். ஒவ்வொரு வரியையும் அவர் படித்து "ஆமாம், இப்படித்தான் நடந்தது" என்று ஒப்புக்கொள்வாரா என்று பாருங்கள். ஒப்புக்கொள்ளமாட்டார் என்று தோன்றும் வரியில் பெரும்பாலும் உங்கள் கருத்து கலந்திருக்கும்.

இதே தாமதம் மாதாமாதம் நடந்தால், அதை இந்த மின்னஞ்சலில் திணிக்காதீர்கள். தாக்கல் முடிந்தபின் மூவரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது. பில்கள் வந்து சேர்ந்ததும், "12 பில்களும் வந்துவிட்டன, நன்றி" என்று அதே மின்னஞ்சல் தொடரில், அதே ஆட்களுக்கு எழுதுங்கள். வேலை நின்றதைப் பதிவு செய்தவருக்கு, அது முடிந்ததைப் பதிவு செய்யும் கடமையும் உண்டு.