பத்தாயிரம் வீரர்கள், 16 மில்லி விநாடி

திரையில் இரு படைகள் மோதுகின்றன. மொத்தம் 10,000 வீரர்கள். வியூக விளையாட்டு திக்காமல் ஓட வேண்டுமானால் விநாடிக்கு 60 முறை காட்சி மாற வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் கிடைப்பது சுமார் 16.6 மில்லி விநாடி. அதற்குள் எல்லா வீரர்களும் நகர வேண்டும், எதிரியைத் தேட வேண்டும், படமும் வரையப்பட வேண்டும்.

வழக்கமாக எழுதும் நிரலில், ஒரு வீரனின் இடம், வேகம், உயிர், ஆயுதம் எல்லாம் ஒரே ஆப்ஜெக்ட்டுக்குள் இருக்கும். அந்த ஆப்ஜெக்ட்டுகள் நினைவகத்தில் அங்கங்கே சிதறிக் கிடக்கும். ராமிலிருந்து ஒரு தகவல் பிராசஸருக்கு வந்துசேர ஏறக்குறைய 100 நானோ விநாடி ஆகும். ஒரு வீரனுக்காக ஐந்து முறை அப்படிக் காத்திருந்தால், 10,000 பேருக்கு 5 மில்லி விநாடி போய்விடும். கணக்கு எதுவும் போடாமலே மூன்றில் ஒரு பங்கு நேரம் காலி.

என்டிட்டி காம்பொனென்ட் சிஸ்டம் இதைத்தான் மாற்றுகிறது. இதில் வீரன் என்பவன் வெறும் எண். அவனுடைய இடமும் வேகமும் தனித்தனி வரிசைகளில், மற்ற வீரர்களின் தகவல்களோடு அடுத்தடுத்து இருக்கும். இரண்டும் சேர்ந்து ஒருவனுக்கு 16 பைட். பெரும்பாலான பிராசஸர்கள் நினைவகத்தை 64 பைட் துண்டுகளாகவே எடுத்துவருவதால், எட்டு வீரர்களுக்கான தகவலை இரண்டே துண்டுகள் கொண்டுவந்துவிடும். 10,000 பேருக்கும் சேர்த்து 160 கிலோபைட்தான். அது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆனால் எதிரியைத் தேடும் வேலை இதனால் மட்டும் தீராது. ஒவ்வொருவனும் மற்ற எல்லோரையும் பார்த்தால் 10 கோடி ஒப்பீடுகள். தகவலை எவ்வளவு நேர்த்தியாக அடுக்கினாலும் அந்தச் சுமை குறையாது. அதனால் களத்தைக் கட்டங்களாகப் பிரித்து, தன் கட்டத்தையும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் மட்டும் பார்க்கச் சொல்வார்கள். கட்டத்துக்கு ஐந்து பேர் என்றால் ஒருவனுக்கு 45 ஒப்பீடு. மொத்தம் நாலரை லட்சம். குறுகிய கணவாயில் படை முழுவதும் நெருக்கியடிக்கும்போது இந்தக் கணக்கு குலையும். நடைபயணத்தில் சீராக ஓடிய ஆட்டம் கைகலப்பில் மட்டும் திக்கினால், முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். வீரர்களைப் பத்துக் குழுக்களாகப் பிரித்து, ஒரு காட்சிக்கு ஒரு குழு மட்டும் தேடினால் சுமை பத்தில் ஒன்றாகும். தாமதம் ஆறில் ஒரு விநாடி. ஆடுபவர் கண்ணுக்குத் தெரிவது அரிது.

இன்னொரு பொறி, காம்பொனென்ட்டைச் சேர்ப்பதும் நீக்குவதும். யூனிட்டி போன்ற எஞ்சின்களில், ஒரே வகைக் காம்பொனென்ட்டுகள் கொண்டவை ஒரே தொகுப்பில் இருக்கும். 'தீப்பிடித்தவன்' என்று ஒன்றைச் சேர்த்ததும் அவனுடைய மொத்தத் தகவலும் வேறு தொகுப்புக்குப் பெயர்க்கப்படும். நெருப்பம்பு மழையில் ஆயிரம் பேருக்கு இது ஒரே நொடியில் நடந்தால் ஆட்டம் நின்று நின்று ஓடும். அடிக்கடி மாறும் நிலைகளை எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, ஆம் - இல்லை என்று மாற்றிக்கொள்வதே மலிவு.

எனவே புரொஃபைலரில் நேரம் எங்கே கரைகிறது என்று முதலில் அளந்து பாருங்கள். வீண் ஒப்பீடுகளைக் குறைத்த பிறகு தகவலை அடுக்குங்கள். தலைகீழாகச் செய்தால் உழைப்புதான் மிச்சம்.