இடது கையில் தெரியும் மீதி வளர்ச்சி

பிள்ளை வளரவில்லையே என்று டாக்டரிடம் போனால், உயரத்தை அளந்து எடையைப் பார்த்த கையோடு ஒரு சீட்டு எழுதித் தருவார். இடது கை, மணிக்கட்டோடு சேர்த்து ஒரு எக்ஸ்ரே. பக்கத்தில் 'போன் ஏஜ்' என்று இருக்கும். வெளியே வந்ததும் பெற்றோருக்குள் பேச்சு எழும்: வளர வேண்டியது காலும் முதுகும், இவர் ஏன் கையைப் படம் எடுக்கச் சொல்கிறார்?

காரணம் எளிது. விரல்களில் 14, உள்ளங்கையில் 5, மணிக்கட்டில் 8, முன்கையின் இரண்டு எலும்புகளுடைய நுனிகள் என இத்தனையும் ஒரே சிறிய படத்தில் விழுந்துவிடும். ஒவ்வொன்றும் வெவ்வேறு வயதில் தோன்றி, வெவ்வேறு வயதில் முழுமையடைகிறது. அதனால் மூன்று வயதிலும் சரி, பதினாறு வயதிலும் சரி, படிக்க ஏதாவது ஓர் அடையாளம் அங்கே இருந்துகொண்டே இருக்கும். கை உடம்பின் மற்ற உறுப்புகளிலிருந்து தள்ளி இருப்பதும் வசதி. இந்தப் படத்தால் பிள்ளை மேல் படும் கதிர்வீச்சு, நாம் சும்மா வீட்டில் இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு நாளில் நம் மேல் படும் அளவைவிடக் குறைவு. இடது கை என்பது வழக்கமாக நிலைத்துவிட்ட ஏற்பாடு. பெரும்பாலோர் வலது கைக்காரர்கள், அடிபடுவதும் அந்தக் கைதான்.

பிறந்த குழந்தையின் கையைப் படமெடுத்தால், முன்கை எலும்புக்கும் உள்ளங்கை எலும்புகளுக்கும் நடுவில் வெறும் இடைவெளிதான் தெரியும். மணிக்கட்டே இல்லாதது போல இருக்கும். எலும்புகள் அங்கே இல்லாமல் இல்லை. அவை இன்னும் குருத்தெலும்பாக இருக்கின்றன, குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. முதல் சில மாதங்களில் நடுவில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் முளைக்கும். பிறகு ஒவ்வொன்றாக, ஐந்தாறு வயதுக்குள் ஏழு எலும்புகள் தென்பட்டுவிடும். எட்டாவது, பட்டாணி அளவே உள்ளது, பள்ளிப் பருவத்தின் நடுவில்தான் தலைகாட்டும்.

ஆனால் உயரக் கணக்குக்கு மணிக்கட்டை விட விரல்கள்தான் நம்பகமானவை. ஒவ்வொரு விரல் எலும்பின் அடியிலும் ஒரு தனித் துண்டு, அதற்கும் எலும்புத் தண்டுக்கும் நடுவில் ஒரு கருப்புக் கோடு. அந்தக் கோடுதான் வளர்ச்சித் தட்டு. அங்கே உள்ள குருத்தெலும்பு செல்கள் பெருகிப் பெருகி எலும்பாக மாறுவதால்தான் எலும்பு நீள்கிறது. இதே தட்டுதான் தொடையிலும் முழங்கால் கீழும் இருந்து நம்மை உயர்த்துகிறது. அதனால் கையில் கோடு எந்த நிலையில் இருக்கிறதோ, காலிலும் ஏறக்குறைய அதே கட்டம்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சின்ன வயதில் அந்தத் துண்டு ஒரு புள்ளி. பிறகு தட்டையாகி, தண்டின் அகலத்துக்கு வரும். பருவம் நெருங்கும்போது அதன் ஓரங்கள் மடங்கித் தண்டின் மேல் தொப்பி போலக் கவியும். கட்டைவிரலின் அடியில் கடுகு போன்ற ஒரு சிறு எலும்பு தோன்றுவதும் ஏறக்குறைய அப்போதுதான். அதைப் பார்த்தால் 'வேகமாக வளரும் கட்டம் வந்துவிட்டது' என்று டாக்டர் புரிந்துகொள்வார். அதற்குப் பிறகு கோடுகள் மூட ஆரம்பிக்கும். முதலில் விரல் நுனிகள், கடைசியில் மணிக்கட்டை ஒட்டிய முன்கை எலும்பு. பெண்ணுக்கு எலும்பு வயது 15, பையனுக்கு 17 என்று வந்துவிட்டால் மீதியிருப்பது ஒன்றிரண்டு செ.மீ.தான்.

இந்தக் கோட்டை மூடுவது எது? பல காலம் பையன்களுக்கு டெஸ்டோஸ்டிரோன்தான் என்று நினைத்திருந்தார்கள். 1994-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஓர் இளைஞரைப் பற்றி எழுதினார்கள். வயது 28, உயரம் 204 செ.மீ., எலும்பு வயது 15, இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். டெஸ்டோஸ்டிரோனில் குறையில்லை. அவர் உடம்பால் ஈஸ்ட்ரோஜனைத்தான் உணர முடியவில்லை. பெண் ஹார்மோன் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் அதுதான் ஆண் எலும்பையும் மூடுகிறது என்பது அப்போது உறுதியானது. ஆணின் உடம்பு தன் டெஸ்டோஸ்டிரோனில் கொஞ்சத்தை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. பருவம் சீக்கிரம் வந்தால் கோடும் சீக்கிரம் மூடும், தாமதமானால் தாமதமாக மூடும் என்பதற்கு அடிப்படை இதுதான்.

படத்தைப் படிக்கப் பரவலாகப் பயன்படுவது கிரூலிக், பைல் என்ற இரு அமெரிக்கர்கள் 1950-இல் வெளியிட்டு 1959-இல் திருத்திய ஒரு படத்தொகுப்பு. அதில் ஆண், பெண் இருவருக்கும் தனித்தனியாக, வயது வாரியாக மாதிரிக் கைப்படங்கள் இருக்கும். உங்கள் பிள்ளையின் படம் எந்தப் பக்கத்தோடு ஒத்துப்போகிறதோ அதுதான் எலும்பு வயது. ஒவ்வோர் எலும்பாக மதிப்பெண் போட்டுக் கூட்டும் டானர்-வைட்ஹவுஸ் முறையும் உண்டு.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். 13 வயது, உயரம் 138 செ.மீ. வகுப்பில் எல்லோரும் மீசை அரும்பி நிற்க, இவன் வரிசையில் முதல் ஆள். "சார், அவன் தம்பி இவனைத் தாண்டிருவான் போல" என்கிறார் அம்மா. அப்பா 168 செ.மீ., அம்மா 155. பையனாக இருந்தால் இரண்டையும் கூட்டி 13 சேர்த்து இரண்டால் வகுப்பார்கள். இவனுக்கு 168 வருகிறது. குடும்பத்தை வைத்துப் பார்த்தால் அவன் போய்ச் சேர வேண்டிய இடம் ஏறக்குறைய அது. கைப்படத்தில் எலும்பு வயது 11 என்று வருகிறது. தொப்பி இன்னும் கவியவில்லை, கட்டைவிரல் அடியில் கடுகு எலும்பும் இல்லை.

இங்கே 1952-இல் பெய்லி, பின்னோ இருவரும் தந்த அட்டவணை உதவுகிறது. எலும்பு வயது இத்தனை என்றால், கடைசி உயரத்தில் எத்தனை சதவீதம் முடிந்திருக்கும் என்று அது சொல்லும். எலும்பு பின்தங்கிய பையனுக்கு 11 வயதில் சுமார் 82 சதவீதம். 138-ஐ 0.82-ஆல் வகுத்தால் 168. குடும்பக் கணக்கும் எலும்புக் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அப்பாவைக் கேட்டால், அவரும் காலேஜ் போன பிறகுதான் உயர்ந்தாராம். தாமதமாகத் தொடங்கித் தாமதமாக முடிக்கும் குடும்பம். மருந்து தேவையில்லை.

எலும்பு வயது 13 என்றே வந்திருந்தால் கதை வேறு. அப்போது அதே 138 செ.மீ. என்பது கடைசி உயரத்தில் ஏறக்குறைய 88 சதவீதம். அவன் 157-இல் நின்றுவிடுவான். ஒரே வயது, ஒரே உயரம், இரண்டு எதிர்காலம். அளவுகோலால் இவர்களைப் பிரிக்க முடியாது.

இனி ஓர் எச்சரிக்கை. எலும்பு பின்தங்கியிருக்கிறது என்றால் 'தானாக வளர்ந்துவிடுவான்' என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. தைராய்டு குறைவு, வளர்ச்சி ஹார்மோன் குறைவு, குடலில் சத்து உறிஞ்சப்படாத நோய், நீண்ட நாள் சிறுநீரகக் கோளாறு, எல்லாமே எலும்பைப் பின்தள்ளும். படத்தில் இவற்றுக்கும் சாதாரணத் தாமதத்துக்கும் வித்தியாசம் தெரியாது. பிரித்துக் காட்டுவது வளர்ச்சி வேகம். பருவத்துக்கு முன் ஒரு பிள்ளை வருடத்துக்கு ஐந்து செ.மீ. அளவில் வளர வேண்டும். நான்குக்குக் கீழே இறங்கினால், அல்லது முன்பு ஒழுங்காக வளர்ந்த பிள்ளை திடீரென்று நின்றால், ரத்தப் பரிசோதனை கட்டாயம். அதனால் கைப்படத்தை விட, போன வருடம் சுவரில் பென்சிலால் போட்ட கோடு சில சமயம் டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

எதிர்ப்பக்கம் பெண் குழந்தைகளிடம் அடிக்கடி வருகிறது, வீட்டில் யாரும் கவலைப்படுவதும் இல்லை. எட்டு வயது, 132 செ.மீ., வகுப்பிலேயே உயரம். மார்பு வளர்ச்சி ஏழு வயதிலேயே தொடங்கிவிட்டது. கைப்படத்தில் எலும்பு வயது 11. அந்த நிலையில் சுமார் 90 சதவீத வளர்ச்சி முடிந்திருக்கும். கணக்குப் போட்டால் 147 வருகிறது. இன்று உயரமாக நிற்கும் இந்தப் பிள்ளைக்குத்தான் டாக்டரை உடனே பார்க்க வேண்டிய அவசியம். மூளையிலிருந்து வரும் பருவக் கட்டளையை ஊசி மூலம் சில காலம் நிறுத்திவைத்து, கோடு மூடுவதைத் தள்ளிப்போட முடியும். வயதுக்கு வந்த பிறகு "இன்னும் உயரணும்" என்று வந்தால் பெரும்பாலும் மீதி இருப்பது ஐந்தாறு செ.மீ.தான். கோடு மூடிய பிறகு எந்தப் பவுடரும் எந்தக் கம்பியும் உயர்த்தாது; அந்த விளம்பரங்களில் யாரும் எக்ஸ்ரே காட்டுவதில்லை.

இந்தச் சோதனையில் பிழை எங்கெங்கே வரும்? விரல்கள் மடங்கியோ கை சாய்ந்தோ இருந்தால் திறந்த கோடு மூடியது போலத் தெரியும். பெண் படத்தை ஆண் பக்கத்தோடு ஒப்பிட்டால் ஒன்றிரண்டு வருடம் தவறும், ஏனென்றால் பெண்களின் எலும்பு முன்னால் ஓடுகிறது. பள்ளியில் சேர்ப்பதற்காக மாற்றிக் கொடுத்த பிறந்த தேதியையே டாக்டரிடமும் சொன்னால், எதோடு ஒப்பிடுவது? ஒரே படத்தை இரண்டு பேர் படித்தால் அரை வருடம் வரை வேறுபடுவது சகஜம். அந்த மாதிரிப் படங்கள் 1930-களில் கிளீவ்லாந்து நகரில் வளர்ந்த வசதியான வெள்ளைக்காரப் பிள்ளைகளுடையவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆரோக்கியமான பிள்ளைக்கே எலும்பு வயது ஒரு வருடம், சில வயதுகளில் இரண்டு வருடம் கூட, முன்பின் இருக்கலாம். நீதிமன்றங்கள் எலும்புச் சோதனையைப் பிறந்த தேதிக்கு ஈடாக ஏற்கத் தயங்குவது இதனால்தான். உயரக் கணிப்பிலும் ஐந்து செ.மீ. மேலும் கீழும் விட்டுத்தான் பேச வேண்டும்.

ஒரே ஒரு படத்தை வைத்து முடிவெடுக்காததற்கும் இதுவே காரணம். ஆறு மாதத்துக்குள் திரும்ப எடுத்தால் வரும் மாற்றம் படிப்பவரின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். நம் பையனுக்கு அடுத்த படம் 14 வயதில். உயரம் 143, எலும்பு வயது 12, முடிந்தது ஏறத்தாழ 85 சதவீதம்; வகுத்தால் மறுபடி 168. ஒரு வருடத்தில் எலும்பு ஒரு வயதுதான் கூடியிருக்கிறது, ஐந்து செ.மீ. வளர்ந்திருக்கிறான். டாக்டர் விரைகளின் அளவையும் பார்க்கிறார். நான்கு மில்லி லிட்டர் எட்டியிருந்தால் பருவம் தொடங்கிவிட்டது, காத்திருந்தால் போதும். எட்டவில்லை, பையனும் பள்ளிக்குப் போகவே கூசுகிறான் என்றால், குறைந்த அளவில் சில மாதம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாம். அளவோடு போட்டால் அது பருவத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளும், கடைசி உயரத்தைக் குறைக்காது. அளவு மீறவில்லை என்பதற்குச் சாட்சியும் அடுத்து எடுக்கப்போகும் அதே இடது கைப் படம்தான்.