கலங்காத இன்சுலின்

காலையில் 30 யூனிட், இரவில் 20. அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சிரிஞ்சின் கோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் மருந்தை இழுப்பார். அளவில் பிசகே கிடையாது. ஆனாலும் புதுப் பாட்டில் உடைத்த முதல் சில நாள் சுகர் ஏறியே நிற்கும். பாட்டில் தீரும் சமயத்தில் மாலை நாலு மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கும். ஃபிரிட்ஜ் கதவில் நிற்கும் பாட்டிலை ஒருநாள் அசைக்காமல் எடுத்துப் பார்த்தேன். மேலே தண்ணீர் மாதிரி தெளிவு, அடியில் சுண்ணாம்பு போல வெள்ளை வண்டல். அம்மா அதை அப்படியே கவிழ்த்து ஊசியைக் குத்திக்கொண்டிருந்தார்.

30/70 இன்சுலினில் இரண்டு மருந்து உண்டு. 30 பங்கு சாப்பாட்டுக்கு ஈடுகொடுக்கும் வேகமான இன்சுலின். அது தெளிந்த நீரில் கரைந்திருக்கும். மீதி 70 பங்கு, மீனிலிருந்து எடுக்கும் புரோட்டமின் என்ற புரதத்தோடு சேர்த்து நுண்ணிய படிகங்களாக்கியது. தோலுக்கடியில் மெல்ல மெல்லக் கரைந்து பல மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. படிகம் கரையாத பொருள், அதனால் சும்மா வைத்தால் அடியில் படியும்.

அம்மாவின் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிக்கு 40 யூனிட், 10 மில்லி பாட்டிலில் 400. அதில் தெளிந்த மருந்து 120, படிகம் 280. 30 யூனிட் என்பது முக்கால் மில்லி. சரியாகக் கலங்கியிருந்தால் அதில் வேகமானது 9, மெதுவானது 21. கலக்காமல் தெளிவை மட்டும் இழுத்தால் உடம்புக்குள் போவது அந்த 9 மட்டும்தான். காலைப் பலகாரத்தை அது சமாளித்துவிடும், மதியத்துக்கு மேல் தாங்காது. இப்படியே பாதிப் பாட்டில் போனதாக வையுங்கள். 280 யூனிட் படிகமும் மிச்சமுள்ள 5 மில்லியில் சேர்ந்துவிடும். அப்புறம் அதே கோடு வரை இழுக்கும் மருந்தில் 9-உம் 42-உம் சேர்ந்து 51 யூனிட். நிஜத்தில் இவ்வளவு சுத்தமாகப் பிரியாது என்றாலும் ஏற்ற இறக்கம் இந்த வழியில்தான் வருகிறது. முதல் சில நாள் ரிப்போர்ட்டைப் பார்த்து டோஸைக் கூட்டிவிட்டால், பாட்டில் தீரும் சமயத்தில் லோ சுகர் இன்னும் மோசமாகத் தாக்கும். எனக்குப் பயம் அங்கேதான்.

பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் குளிர் விட்டதும், படுக்கவைத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே நிதானமாக உருட்ட வேண்டும். பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழுமாகச் சாய்த்தால் பெரும்பாலும் போதும். டானிக் மாதிரி குலுக்கினால் நுரைத்துவிடும். சிரிஞ்சில் குமிழி ஏறினால் மருந்து குறையும். பேனாவில் மருந்துக் குழாய்க்குள் இருக்கும் சின்னக் குண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட வேண்டும். மருந்து அடிமட்டத்துக்கு வந்துவிட்டால் குண்டு ஓட இடமிருக்காது, புதியதை எடுப்பதே நல்லது. எத்தனை முறை என்ற கணக்கைவிடக் கண்தான் முக்கியம்: முழுக்க ஒரே சீராகப் பால் போல வெளுத்திருக்க வேண்டும். உருட்டிய பிறகும் கட்டி மிதந்தாலோ, கண்ணாடிச் சுவரில் பனி படர்ந்தது போல ஒட்டியிருந்தாலோ அந்த மருந்தைப் போடக் கூடாது.

இப்போது அம்மா வாயால் எண்ணிக்கொண்டே உருட்டுகிறார். எண்ணி முடித்ததும் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுக்கிறார்.