முதல் வரியில் நிற்க வேண்டிய எண்

ஒரு நூற்பாலையின் காலாண்டுக் கடிதம் என்று வைத்துக்கொள்வோம். "சவாலான சூழலிலும் உறுதியாக நின்றோம்" என்று தொடங்குகிறது. லாபம் 12 கோடியிலிருந்து 3 கோடியாகச் சரிந்த சேதி நான்காம் பக்க அட்டவணையில்தான் இருக்கிறது.

திருத்தும்போது அந்த எண்ணை, சென்ற ஆண்டின் இதே காலாண்டோடு ஒப்பிட்டு, முதல் வரிக்குக் கொண்டுவர வேண்டும். (வசதிக்கேற்ப ஒப்பிடும் காலத்தை மாற்றுவது பழைய தந்திரம்.) அடுத்து, குறைந்த 9 கோடியைப் பிரிக்க வேண்டும். ஏற்றுமதி ஆர்டர் குறைந்ததால் 5 கோடி. விலை உச்சத்தில் வாங்கிய பஞ்சால் 4 கோடி. முன்னது சந்தையால் வந்தது, பின்னது நிர்வாகத்தின் முடிவு. "மூலப்பொருள் செலவு உயர்ந்தது" என்றால் முடிவெடுத்தவர் மறைந்துவிடுகிறார். "விலை ஏறும் என்று கணித்து ஆறு மாதப் பஞ்சை வாங்கினோம், விலை இறங்கிவிட்டது. பாதிப் பஞ்சு இன்னும் கிடங்கில் இருப்பதால் அடுத்த காலாண்டு லாபமும் குறையும்" என்று எழுதலாம்.