மாணிக்கமும் நீலமும் ஒரே கல்தானாம்!

"கல்யாணம் தள்ளிப் போகிறதா? ராசிக்கல் மோதிரம் போட்டுப் பாரேன்" என்று சொல்வது எங்கள் அம்மாபேட்டையில் சகஜம். தறிக்காரர் வீடானாலும், கொலுசுப் பட்டறைக்காரர் வீடானாலும், ஜாதகத்தோடு ஒரு கல்லின் பெயர் எழுதிய துண்டுச் சீட்டும் இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குத் துலா லக்னம், நடப்பு குரு தசை. மூன்று ஜோசியர்களிடம் காட்டினார்கள். ஒருவர், லக்னாதிபதி சுக்கிரன், ஆகவே வைரம் என்றார். இன்னொருவர், துலா லக்னத்துக்கு நாலுக்கும் ஐந்துக்கும் உடைய சனிதான் யோககாரகன், நீலம் போடுங்கள் என்றார். மூன்றாமவரோ தசாநாதன் குருவுக்குக் கனக புஷ்பராகம் என்றார். இதைக் கேட்ட நீலக்காரர், "ஐயையோ, இந்த லக்னத்துக்கு மூன்று, ஆறுக்கு உடையவனாச்சே குரு! அவனுக்கா பலம் ஏற்றுவது?" என்று பதறினார்.

மூவரும் சாஸ்திரத்தை விட்டுப் பேசவில்லை. லக்னாதிபதிக்கா, யோககாரகனுக்கா, தசாநாதனுக்கா, யாருக்குக் கல் என்பதில்தான் முறை வேறுபடுகிறது. பணத்தை எடுக்கும் முன் "எந்த முறைப்படி சொல்கிறீர்கள்?" என்று நாம் கேட்கலாமே!

கல்லின் கதை இன்னும் வேடிக்கை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் குருந்தக்கல் கிடைக்கிறது. மாணிக்கம், நீலம் இரண்டுமே இந்தக் குருந்த இனம்தான். துளி குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். சூரியனுக்கும் சனிக்கும் பகை, இரண்டையும் சேர்த்துப் போடாதே என்கிறார்கள். பூமிக்குள்ளே இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்!

உலையில் மாணிக்கம் செய்யும் முறையை வெர்நோய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902-ல் வெளியிட்டார். அந்தக் கல்லும் குருந்தமேதான். உள்ளே வளைந்த கோடுகளோ காற்றுக் குமிழ்களோ தெரிகின்றனவா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துத்தான் நிபுணர்கள் கண்டுபிடிக்கிறார்கள். வெறுங்கண்ணால் நமக்கு எங்கே தெரியப் போகிறது? செயற்கைக் கல்லென்று தெரியாமலே போட்டுக்கொண்டு "பலித்தது" என்கிறவர்கள் இருந்தால், பலித்தது எது? விலை உயர்ந்த கல்லானால் பரிசோதனைக்கூடச் சான்றிதழ் இல்லாமல் வாங்கவே கூடாது. அந்தச் சான்றிதழும் கல்லின் இனத்தைத்தான் சொல்லும், பலனைச் சொல்லாது.

நீலத்தை மூன்று நாள் தலையணையடியில் வைத்து, கெட்ட கனவு வந்தால் திருப்பிக் கொடு என்பார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் மூன்று நாளில் காய்ச்சலோ, பால் பொங்கி வழிவதோ, ஏதோ ஒன்று நடக்காமலா இருக்கும்? கல் இல்லாத மூன்று நாட்களையும் அதேபோல் குறித்து வைத்து, இரண்டையும் ஒப்பிட்டால்தான் அது பரீட்சை. ஏழரைச் சனியும் அப்படித்தான். ஏழரை வருஷமானால் தானே விலகும். கடைசி வருஷத்தில் மோதிரம் போட்டவருக்கு மோதிரமே விலக்கியதாகத் தோன்றும்.

பரிகார பூஜைக்கும் இதே கேள்விதான். என்ன நடக்கும், எத்தனை மாதத்துக்குள் என்று முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பதில் வராது. சனிக்கிழமை எள் விளக்கேற்றுவது நாலு காசுச் செலவு, மனசுக்கும் நிம்மதி. அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். குழந்தைக்கு வலிப்பு வந்தால் மட்டும் முதலில் ஆஸ்பத்திரி, விளக்கு அப்புறம்.

அந்தப் பெண்ணின் தாயார் மூன்று கல்லையும் வாங்கவில்லை. எள் விளக்கு மட்டும் ஏற்றிக்கொண்டு, ஜாதகத்தைத் தரகரிடம் கொடுத்திருக்கிறார்.