ஒன்று இருபதுக்கு இறங்கினால், வீடு போவது எப்போது?

தங்கை தோஹாவிலிருந்து வருகிறாள். டிக்கெட்டில் 15ஆம் தேதி, 01:20 என்று போட்டிருந்தது. அப்பா விழுப்புரத்தில் தெரிந்த வண்டிக்காரரிடம், "பதினஞ்சாம் தேதி ராத்திரி ஏர்போர்ட் போகணும்ப்பா" என்று சொல்லி முன்பணமும் கொடுத்துவிட்டார். 14ஆம் தேதி மாலை ஏதோ பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அவள் வந்து இறங்கி ஒரு பகல் முழுக்கக் கழிந்த பிறகு வண்டி கிளம்பியிருக்கும்!

இந்தத் தவறு நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. அதற்குக் காரணம் நம் பேச்சுவழக்குதான். நமக்கு ராத்திரி என்றால் விடியும்வரை ராத்திரி; அது முந்தைய நாளோடு சேர்ந்தது. விமான டிக்கெட்டுக்கோ நள்ளிரவு 12 தாண்டினால் தேதி மாறிவிடும். அதனால் வண்டி சொல்லும்போது தேதியை மட்டும் சொல்லாதீர்கள். "வெள்ளிக்கிழமை ராத்திரி முடிஞ்சு சனிக்கிழமை விடியக்காலம், ஒண்ணேகால் மணிக்கு" என்று கிழமையோடு சொல்லுங்கள். ஓட்டல் அறை போடுவதாக இருந்தாலும் இதே கணக்குதான். 15ஆம் தேதி அதிகாலை இரண்டரைக்குப் போய்ப் படுக்க வேண்டுமானால் 14ஆம் தேதிக்கு அறை போட வேண்டும். 15க்குப் போட்டால், நண்பகலுக்கு வரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது நேரம். 1:20 என்பது விமானம் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்க வேண்டிய நேரம். அதன் பிறகு கதவு திறந்து, குடியேற்றச் சோதனை வரிசையில் நின்று, பெட்டிக்குக் காத்திருந்து, சுங்கத்தைத் தாண்டி வெளியே வர ஒரு மணி நேரம் சாதாரணமாக ஆகும். வளைகுடாவிலிருந்து இரண்டு மூன்று விமானங்கள் அடுத்தடுத்து இறங்கும் இரவென்றால் இன்னும் கூடும். ஆக நம் கணக்கு இரண்டரையிலிருந்துதான் தொடங்குகிறது. உள்நாட்டு விமானத்தில் வருபவர்களுக்கு அரை மணி போதும்.

சென்னையில் இரண்டரை மணிக்கு என்ன இருக்கிறது? விமான நிலையத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது; ஆனால் கடைசி ரயில் இரவு 11 வாக்கில் போய்விடும், முதல் ரயில் காலை 5 வாக்கில்தான். எதிரே திரிசூலம் மின்சார ரயில் நிலையமும் அந்த நேரத்தில் உறங்கிக் கிடக்கும். மிச்சம் இருப்பது மூன்று: ஆப்பில் போடும் டாக்ஸி, ப்ரீபெய்டு கவுன்ட்டர், வீட்டிலிருந்து வரும் வண்டி.

ஆப் டாக்ஸிக்கு முதல் தேவை வேலை செய்யும் இந்திய நம்பர். வெளிநாட்டில் வருடக்கணக்கில் இருந்துவிட்டு வருபவர்கள் பழைய சிம்மை நம்பி வந்து இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 90 நாளுக்கு மேல் ரீசார்ஜும் பேச்சும் இல்லாத சிம் துண்டிக்கப்பட்டிருக்கலாம். சிம் இல்லையென்றால் ஓ.டி.பி. வராது, விமான நிலைய வைஃபையும் ஓ.டி.பி.யைத்தான் கேட்கும். இன்னொன்று, பெட்டி கைக்கு வருமுன் வண்டி போடாதீர்கள். டிரைவர் வந்து காத்திருந்தால் காத்திருப்புக் கட்டணம் ஏறும், அல்லது அவர் ரத்து செய்துவிட்டுப் போய்விடுவார். சென்னையில் ஆப் வண்டிகள் வாசலுக்கு வருவதில்லை. பெரும்பாலும் அடுக்குமாடி வாகன நிறுத்தத்துக்குத்தான் வரும். டிராலியைத் தள்ளிக்கொண்டு அங்கே போக ஆகும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நடையில்தான் புரோக்கர்கள் வருவார்கள். "மேடம், நீங்க போட்ட வண்டி கேன்சல் ஆயிடுச்சு, இதுல வாங்க" என்பார் ஒருவர். நீங்கள் போட்ட டிரைவரே கூட, "ஆப்புல கேன்சல் பண்ணிடுங்க, அதே காசைக் கையில குடுத்துடுங்க" என்று கேட்கக்கூடும். ரத்து செய்த அந்த நிமிடத்தில், நீங்கள் எந்த வண்டியில் யாரோடு போகிறீர்கள் என்பதற்கான பதிவே இல்லாமல் போய்விடும். நூறு ரூபாய் குறைத்துக்கொள்கிறேன் என்றாலும் சம்மதிக்காதீர்கள்.

நள்ளிரவில், அதிலும் தனியாக வருபவர்களுக்கு, நான் ப்ரீபெய்டு கவுன்ட்டரைத்தான் முதலில் சொல்வேன். அது வருகைப் பகுதியிலேயே இருக்கிறது. போகும் இடத்தையும் பெட்டிகளின் எண்ணிக்கையையும் சொன்னால் தொகையைச் சொல்வார்கள். கூட்டம் அதிகம் என்று ஆப்பைப் போல விலை திடீரென ஏறாது. பணம் கட்டியதும் சீட்டு கொடுப்பார்கள். அந்தச் சீட்டைப் பத்து விநாடி நின்று படியுங்கள். போகும் இடம் சரியாக எழுதியிருக்கிறதா? "தாம்பரம்" என்று மட்டும் இருந்தால், கிழக்குத் தாம்பரமா மேற்கா என்று பாதி வழியில் வம்பு வரும். வண்டி எண் இருக்கிறதா? பார்க்கிங், டோல் எல்லாம் இதில் அடக்கமா? அடக்கம் என்றால் அதையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

சீட்டில் டிரைவருக்கென ஒரு பிரதி இருந்தால், அதை இறங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். இந்த முறை இருக்கும் இடங்களில் டிரைவர் அதைக் காட்டித்தான் தன் பணத்தைப் பெறுவார். வண்டியில் ஏறியதும் அவர் கேட்டாலும், "இறங்கும்போது தர்றேங்க" என்று சொல்லிவிடுங்கள். அது உங்கள் கையில் இருக்கும்வரை, உங்களைச் சொன்ன இடத்தில் கொண்டுபோய் விடுவது அவருக்கும் அவசியம்.

ஏறுமுன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. மின்சார டாக்ஸி என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது சொந்த உபயோகத்துக்கான வண்டி, வாடகைக்கு ஓட்ட அனுமதி இல்லாதது. விபத்து நடந்தால் காப்பீடு கிடைப்பதும் சிக்கலாகிவிடும். எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷனை எட்டு மணி நேரத்துக்குப் போடுங்கள். குடும்பக் குழுவில் போட்டால், எல்லோரும் யாராவது பார்ப்பார்கள் என்று தூங்கிவிடுவார்கள். விழித்திருப்பதாகச் சொன்ன ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். பின்கதவின் ஓரத்தில், திறந்தால் மட்டும் தெரியும் இடத்தில், ஒரு சிறிய நெம்பு இருக்கும். அது சைல்டு லாக். அது போட்டிருந்தால் உள்ளிருந்து கதவு திறக்காது. ஏறிக் கதவைச் சாத்தியதும், வண்டி நகருமுன் ஒருமுறை உள்ளிருந்து திறந்து பார்த்துவிடுங்கள். வழியில் பயம் ஏற்பட்டால் 112க்கு அழைக்கலாம்.

நகருக்குள் போகிறவர்களுக்கு இவ்வளவு போதும். வெளியூர் போகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கவலைப்படும்போது நாம் டிரைவரின் நடத்தையை நினைக்கிறோம், அவருடைய தூக்கத்தை நினைப்பதில்லை.

அப்பா போட்ட திட்டத்தையே பார்ப்போம். தேதியைத் திருத்தியதும் அவர் சொன்னது இது: இரவு ஒன்பதரைக்கு விழுப்புரத்திலிருந்து வண்டி கிளம்பும், அப்பாவும் மச்சானும் கூட வருவார்கள். பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து, இரண்டே முக்காலுக்குத் திரும்பினால் விடியும்போது வீடு. விமான நிலையத்திலிருந்து விழுப்புரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று டோல்கள் தாண்டிப் போகும் நல்ல நான்குவழிச் சாலை. அந்த நேரத்தில் நேர்ச்சாலையாக, வெறிச்சோடிக் கிடக்கும். கண் சொருகுவதற்கு அதைவிடத் தோதான சாலை இல்லை.

பகலெல்லாம் ஓட்டிய டிரைவர் அவர். மனித உடலின் கடிகாரப்படி தூக்கம் மிக அழுத்துவது இரவு இரண்டிலிருந்து விடிகாலை ஆறு வரை. அந்த நேரத்தில் கண் திறந்திருந்தும் மூளை மூன்று நான்கு விநாடி அணைந்துபோகலாம். ஓட்டுபவருக்கே அது தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர். நான்கு விநாடி என்றால் வண்டி ஏறக்குறைய 90 மீட்டர் ஆளில்லாமல் போகிறது. முன்னால் ஓரமாக நிற்கும் லாரிக்கு அது போதும்.

அறிகுறிகளைப் பின்சீட்டிலிருந்தே பார்க்கலாம். வண்டி கோட்டைத் தொட்டுத் தொட்டு நிமிரும். காரணமில்லாமல் வேகம் குறைந்து கூடும். டிரைவர் பிடரியைத் தேய்ப்பார், கண்ணாடியை இறக்குவார், பாட்டைச் சத்தமாக வைப்பார். பாட்டும் காற்றும் தூக்கத்தை விரட்டாது. டீயும் குடித்தவுடன் வேலை செய்யாது, அரை மணி ஆகும். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் நிறுத்தி, டீ குடித்துவிட்டு இருபது நிமிடம் தூங்கச் சொல்வதுதான் உதவும். "கொஞ்ச நேரம் படுங்கண்ணே, எங்களுக்கு அவசரமில்ல" என்று நாம் சொன்னால்தான் அவர் படுப்பார். அவராகக் கேட்கமாட்டார்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லி, வண்டி வேண்டாம் என்றேன். "பொம்பளப் புள்ள ராத்திரி தனியா அங்க உக்காந்திருக்கிறதா?" என்று கோபப்பட்டார். விடிகாலை மூன்று மணிக்கு, ஒரு பெண் உட்கார்ந்திருக்க வருகைக் கூடத்தைவிடப் பாதுகாப்பான இடம் குறைவு: விளக்கு, கேமரா, மத்தியப் பாதுகாப்புப் படைக் காவல், கழிப்பறை, தண்ணீர் எல்லாம் இருக்கிறது. ஒன்றே ஒன்றை மட்டும் அவளிடம் முன்பே சொல்லி வைத்தேன். வெளிவாசலைத் தாண்டிவிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்; ஆகவே உட்காருவதாக இருந்தால் வாசலுக்கு உள்ளேயே உட்கார வேண்டும்.

அவள் அப்படியே செய்தாள். பெட்டிகளை எடுத்துக்கொண்டு, வெளிவாசலுக்கு முன்னாலேயே இருக்கையில் உட்கார்ந்து, அம்மாவுக்குப் போன் செய்துவிட்டு, டிராலியில் கால் வைத்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். ஐந்து மணிக்கு கவுன்ட்டரில் கிளாம்பாக்கத்துக்கு ப்ரீபெய்டு போட்டாள். மகாபலிபுரம் பக்கமோ கோயம்பேடோ இல்லை, வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம்தான் என்று சீட்டில் எழுத வைத்தாள். ஜி.எஸ்.டி. சாலையில் நேராகப் போனால் அரை மணிப் பயணம். அங்கே இறங்கி, டிக்கியிலிருந்து இரண்டு பெட்டிகளையும் கைப்பையையும் எடுத்து எண்ணிப் பார்த்த பிறகு சீட்டின் மறுபாதியை டிரைவரிடம் நீட்டினாள். ஆறு மணிக்கு விழுப்புரம் பேருந்தில் உட்கார்ந்து, திண்டிவனம் தாண்டுமுன் அப்பாவை எழுப்பினாள்.