இருமல் மருந்தும் மாநிலப் போட்டியும்

மாநிலத் தடகளப் போட்டிக்குப் பன்னிரண்டு நாட்கள் இருக்கையில், 400 மீட்டர் ஓடும் பதினாறு வயது மாணவி ஒருவர் தம் தாயாருடன் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். பயிற்சி முடிந்தவுடன் இருமலும் நெஞ்சிறுக்கமும் வருவதாகக் கூறினார். தம்பிக்காக வாங்கிய இருமல் சிரப்பை நான்கு இரவுகளாகக் குடித்துவந்திருந்தார். தாயார் கையோடு கொண்டுவந்த புட்டியின் லேபிளில், அம்ப்ராக்சாலுடன் டெர்புட்டலின் என்ற பெயரும் சிறிய எழுத்தில் இருந்தது.

டெர்புட்டலின் மூச்சுக்குழாய்களை விரிக்கும் நல்ல மருந்துதான். ஆயினும் இவ்வகை மருந்துகளை வாய்வழியாக அதிக அளவில் உட்கொண்டால் தசை வளர்ச்சி தூண்டப்படக்கூடும். ஆகவே உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடா, போட்டிக் காலத்தில் மட்டுமன்றி எப்போதும் இதனைத் தடைசெய்துள்ளது. இதற்கு அனுமதிக்கப்பட்ட அளவு என்று எதுவும் இல்லை. சிறுநீரில் மருந்து இருப்பதை ஆய்வகம் கண்டறியும். அது இருமலுக்காகக் குடித்ததா, வேகத்துக்காகவா என்பதை அறியாது. உடலுக்குள் சென்றதற்கு வீரரே பொறுப்பு என்பது விதி.

மூச்சுத்திறன் பரிசோதனையில், ஓடும்போது அவருடைய மூச்சுக்குழாய்கள் சுருங்குவது உறுதியாயிற்று. சிகிச்சையின்றி ஓடச் சொல்ல இயலாது. எனவே சிரப்பை நிறுத்திவிட்டுச் சால்பியூட்டமால் இன்ஹேலர் கொடுத்தோம். இது 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. அதிலும் எந்த எட்டு மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம் தரும் இன்ஹேலரில் இது ஆறு அழுத்தங்கள். அதே சால்பியூட்டமாலைச் சிரப்பாகவோ மாத்திரையாகவோ உட்கொண்டால் தடைதான். நெபுலைசரில் வழக்கமாக இடும் 2.5 மில்லிகிராமும் இந்த வரம்பை மீறிவிடும். மூச்சுத்திணறல் கடுமையானால் நெபுலைசரைத் தயங்காமல் வைக்க வேண்டும்; விதிக்குரிய ஆவணங்களைப் பிறகு தயாரிக்கலாம்.

குடித்துவிட்ட நான்கு நாட்களை என்ன செய்வது என்று தாயார் கேட்டார். இத்தனை நாளில் முழுதும் வெளியேறிவிடும் என்று எங்களால் உறுதி கூற இயலவில்லை. குடித்த தேதியையும் அளவையும் குறித்து, புட்டியையும் பத்திரப்படுத்தச் சொன்னோம். நோய்க்குறிப்பை எழுதிக் கொடுத்து, சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு குறித்து தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாவிடம் உடனே கேட்குமாறு அனுப்பினோம். சிறுநீர் மாதிரி எடுக்கும்போது, கடந்த ஏழு நாட்களில் உட்கொண்டவற்றைப் படிவத்தில் எழுதுவதுண்டு. அதில் எழுதுவது அனுமதி ஆகாது; மறைப்பதோ நிலைமையை மேலும் மோசமாக்கும்.

போகும்போது மாணவி, பயிற்சிக்கு முன் நண்பர்கள் கலக்கிக் குடிக்கும் ஊக்கப் பொடியைப் பற்றியும் கேட்டார். இருமல் சிரப்பில் லேபிளாவது உண்மையைச் சொல்லியது. அத்தகைய பொடிகள் சிலவற்றில் மெத்தில்ஹெக்சேனமைன் போன்ற தடைசெய்யப்பட்ட தூண்டிகள் லேபிளில் இல்லாமலே இருந்ததுண்டு. அவருக்கு அது தேவையில்லை என்றோம். ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியும் வாழைப்பழமும் போதும்.